மங்கலுக்கும் ஒரு கையெழுத்து உண்டு
ட்ரோன் கேள்வி-பதில்

போனில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கிற ட்ரோன் படம், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் மங்கலாக இருக்கிறதே, ஏன் சார்?
*– கல்லூரி மாணவர், தேனி*

பறக்கும்போது போனில் வருவது சின்ன முன்னோட்டப் பிரதி. நிஜப் படம் ட்ரோனின் கார்டில் இருக்கிறது. 4000 புள்ளி அகலப் படத்தை உள்ளங்கைக்குள் சுருக்கினால், ஐந்தாறு புள்ளி இழுத்துக்கொண்ட மங்கல் அந்தச் சுருக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் படமெடுத்த இடத்தைவிட்டுக் கிளம்பும் முன்பே, ஒரு படத்தையாவது முழு அளவில் இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பார்க்கும்போது ‘மங்கலா, இல்லையா’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘எந்த மாதிரி மங்கல்’ என்று பாருங்கள். ஒரே திசையில் கோடு கோடாக இழுத்திருந்தால், ட்ரோனின் வேகத்துக்கு ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. நேர்க்கோடுகள் அலை அலையாக நெளிந்தால், றெக்கையிலோ மோட்டாரிலோ அதிர்வு இருக்கிறது. வீடியோ திடீர் திடீரென்று வெட்டி ஆடினால், காற்று ஜிம்பலின் எல்லையைத் தாண்டிவிட்டது. படம் முழுக்க ஒரே சீராகப் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால், லென்ஸின் மேல் விரல்ரேகை. நோய் நான்கு, மருந்தும் நான்கு. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

தூத்துக்குடி உப்பளத்தை 50 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்து எடுத்தேன். நல்ல வெயில். ஒரு திசையில் போகும் வரப்புகள் கத்தியாகத் தெரிகின்றன. குறுக்கே போகும் வரப்புகள் மட்டும் அழிந்துவிட்டன. லென்ஸில் பாதி கெட்டுப்போகுமா?
*– ஸ்டூடியோ உரிமையாளர், தூத்துக்குடி*

லென்ஸ் நன்றாக இருக்கிறது. நீங்கள் ட்ரோனை ஓட்டிக்கொண்டே படம் எடுத்திருக்கிறீர்கள். எந்தத் திசையில் ஓட்டினீர்கள் என்பதைக்கூட அந்த வரப்புகள் சொல்லிவிடும். ட்ரோன் போகும் திசையிலேயே ஓடும் கோடு தன் மேலேயே இழுபடுவதால் கூர்மையாகவே நிற்கும். குறுக்குக் கோடுதான் பரவும். வயல், உப்புப் பாத்தி, தெருக்கட்டம் போன்ற கட்டம் போட்ட இடங்களில் இந்த அடையாளம் தவறவே தவறாது.

அனுப்பிய படத்தின் விவரத்தில் ஷட்டர் 1/50 என்று இருக்கிறது. நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, f/2.8 துளையுள்ள உங்கள் மினி 2 ட்ரோன் சுமார் 1/3200-இல் எடுத்திருக்க வேண்டும். வெளிச்சம் 64-இல் ஒரு பங்காகக் குறைந்தால்தான் 1/50 வரும். வீடியோவுக்காக மாட்டிய என்.டி. 64 ஃபில்டரைக் கழற்றாமலே போட்டோ எடுத்திருக்கிறீர்கள்.

இழுப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கேமரா 50 மீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 72 மீட்டர் அகலத் தரையைப் பார்க்கிறது. அதை 4000 புள்ளிகளால் வகுத்தால், ஒரு புள்ளிக்கு 1.8 சென்டிமீட்டர் தரை. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போனதாகச் சொல்கிறீர்கள். ஷட்டர் திறந்திருந்த 1/50 விநாடிக்குள் ட்ரோன் 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டது. அதாவது, ஏழு புள்ளி இழுப்பு. வரப்பின் விளிம்பு அழிய அது போதும்.

இழுப்பு ஒரு புள்ளிக்குள் அடங்கினால் கண்ணுக்குத் தெரியாது. அதே உயரம், அதே வேகத்துக்கு 1/400 வைத்தால் அடங்கிவிடும். உயரத்தைப் பாதியாக்கி 25 மீட்டரில் பறந்தால், ஒரு புள்ளிக்கான தரையும் பாதியாகும்; அப்போது 1/800 வேண்டும். போட்டோவுக்கு என்.டி. ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு மூன்று விநாடி பொறுங்கள். ட்ரோன் ஆட்டம் அடங்கி நின்ற பிறகு எடுங்கள்.

போட்டோவுக்கு 1/400 என்கிறீர்கள். வீடியோவுக்கு மட்டும் எல்லோரும் 1/50 வைக்கச் சொல்கிறார்களே, அது மங்காதா?
*– குறும்பட இயக்குநர், மதுரை*

ஒவ்வொரு ஃபிரேமும் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அந்த மங்கல் தேவை. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில், முந்தைய ஃபிரேமையும் அடுத்த ஃபிரேமையும் நம் கண்ணுக்குச் சேர்த்துத் தைப்பது அந்த இழுப்புதான். 1/2000-இல் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் சிலைபோல் கூர்மையாக இருக்கும். ஓடவிட்டால், தாழ்வாகப் பறந்து எடுத்த காட்சியில் தென்னை மரங்கள் தத்தித் தத்திப் போகும்.

ஃபிரேம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி அதையே ஷட்டராக வைப்பதுதான் நடைமுறை. 25-க்கு 1/50, 30-க்கு 1/60, 50-க்கு 1/100. உச்சி வெயிலில் இந்த ஷட்டரைக் கொண்டுவரத்தான் என்.டி. ஃபில்டர். எதுவும் பக்கத்தில் இல்லாமல் உயரத்தில் நின்று எடுக்கும் காட்சிக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். அங்கே தத்துவதற்கு ஒன்றுமில்லை. 1/200 இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

திருவிழா சீரியல் பல்பு துடிக்கிறது. 30 ஃபிரேம், 1/60.
*– மன்னார்குடி வாசகர்*

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம், 1/50 வையுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

நேராகப் பறந்தால் தெளிவாக இருக்கிறது. இடம் வலமாகத் திருப்பினால் மட்டும் எல்லாம் குழம்பிவிடுகிறது. ஷட்டர் இரண்டுக்கும் ஒன்றுதானே?
*– கல்யாண வீடியோகிராபர், காரைக்குடி*

ஷட்டர் ஒன்றுதான், ஆனால் திருப்பம் பல மடங்கு கொடியது. உங்கள் லென்ஸ் அகலவாக்கில் சுமார் 72 டிகிரி பார்க்கிறது. 4000 புள்ளியை அதால் வகுத்தால், ஒரு டிகிரிக்கு 55 புள்ளி. விநாடிக்கு 40 டிகிரி திருப்பினால், 1/50 விநாடிக்குள் 44 புள்ளி இழுத்துவிடும். உப்பளத்தில் ஓடிக்கொண்டே எடுத்தவருக்கு ஏழு புள்ளிதான். உயரே போனாலும் இது குறையாது. நகர்வின் இழுப்பு தூரம் கூடக் கூடச் சுருங்கும். திருப்பத்தின் இழுப்பு பக்கத்து வீட்டுக்கும் தொலைவில் இருக்கும் மலைக்கும் ஒரே அளவுதான்.

சினிமா ஒளிப்பதிவில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஃபிரேமின் ஒரு ஓரத்தில் நுழைந்த பொருள் மறு ஓரம் சேர ஏழு விநாடி ஆக வேண்டும். உங்கள் லென்ஸுக்கு அது விநாடிக்கு 10 டிகிரி. ஆப்பில் ஜிம்பலுக்கும் திருப்பத்துக்கும் வேக அளவும், ‘ஸ்மூத்னஸ்’ என்ற மென்மை அளவும் தனித்தனியாக இருக்கும். வேகத்தைக் குறையுங்கள், மென்மையைக் கூட்டுங்கள். ஸ்டிக்கை முழுசாகத் தள்ளினாலும் 10, 15 டிகிரிக்கு மேல் திரும்பாதபடி வைத்துவிட்டால், பந்தலில் பதற்றத்தில் கை வேகமாகப் போனாலும் படம் கெடாது. மென்மையை உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்டிக்கை விட்ட பிறகும் கேமரா வழுக்கிக்கொண்டே போகும். மாலை மாற்றும் இடத்தில் நிறுத்த நினைத்தால் தாண்டிப்போய் நிற்கும்.

மத்தியானம் எடுத்த வீடியோவில் கோபுரமே ஜெல்லி மாதிரி நெளிகிறது. அதே ட்ரோன், அதே கோபுரம், சாயங்காலம் எடுத்தால் நெளிவு இல்லை. வெயிலில் மோட்டார் சூடாவதால் வருகிறதா?
*– போட்டோகிராபர், திருவண்ணாமலை*

நல்ல துப்பு கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் குற்றவாளி மோட்டாரின் சூடு இல்லை. சாயங்காலமும் அதிர்வு அப்படியே இருக்கிறது. ஷட்டர் அதை மூடி மறைத்துவிட்டது.

ட்ரோன் கேமரா ஒரு ஃபிரேமை மொத்தமாக ஒரே நொடியில் எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை, வரிவரியாகப் படித்துக்கொண்டே வருகிறது. றெக்கை நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 150 சுற்று. றெக்கையின் ஒரு பக்கம் கனம் கூடியிருந்தால், ட்ரோனின் உடம்பு விநாடிக்கு 150 தடவை உதறும். ஜிம்பல் மோட்டார்கள் மெதுவான சாய்வுகளைச் சரிக்கட்டத்தான். இந்த வேக உதறலைத் தடுப்பது ஜிம்பலைத் தாங்கும் ரப்பர் துண்டுகளின் வேலை. அவற்றையும் தாண்டிக் கேமராவுக்குள் வந்த உதறல், மேல் வரி படிக்கும்போது இடதுபக்கம், நடுவரி படிக்கும்போது வலதுபக்கம் என்று மாறி மாறித் தள்ளும். அதனால் கோபுரத்தின் நேர்விளிம்பு அலையாகிவிடுகிறது.

மத்தியானம் உங்கள் ஷட்டர் 1/1000 ஓடியிருக்கும். அது ஒவ்வொரு உதறலையும் உறையவைத்துக் காட்டிவிடுகிறது. சாயங்காலம் வெளிச்சம் குறைந்து 1/50-க்கு வந்திருக்கும். அந்த நேரத்துக்குள் மூன்று உதறல் முடிந்துவிடுவதால், அலை கரைந்து லேசான மங்கலாகிவிடுகிறது. நெளிவு போய்விட்டது என்று நினைத்தீர்கள். உங்கள் கோபுரச் சிற்பங்களின் கூர்மை அதோடு சேர்ந்து போயிருக்கிறது. பழைய சாயங்கால வீடியோ ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். என்.டி. ஃபில்டர் மாட்டினாலும் இதே கதைதான். நெளிவு மறையும், நோய் இருக்கும்.

கண்டுபிடிக்கும் முறை: காற்றில்லாத விடியற்காலையில், செங்கல் வரிசை தெரியும் சுவருக்கு முன்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில் ட்ரோனை நிறுத்துங்கள். ஃபில்டர் வேண்டாம். ஷட்டரை 1/1000-இல் பூட்டி 20 விநாடி வீடியோ எடுங்கள். செங்கல் வரிசை நெளிந்தால் இறக்கி, பேட்டரியை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மோட்டாரின் றெக்கைகளை மட்டும் புதிதாக மாற்றி மறுபடி எடுங்கள். எந்த மோட்டாரில் மாற்றும்போது நெளிவு நிற்கிறதோ, அங்கேதான் குற்றவாளி. நான்கையும் மாற்றிய பிறகும் நெளிந்தால், ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மற்ற மூன்றும் வழுக்கிச் சுற்ற, ஒன்று மட்டும் நறநறத்தால் உள்ளே மணல் போயிருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. மோட்டார்களும் நன்றாக இருந்தால், கடைசியாக ஜிம்பலின் ரப்பர்களைப் பாருங்கள். ஒன்று கழன்றிருந்தாலும் கிழிந்திருந்தாலும் போதும்.

றெக்கை உடையவில்லை, ஓரத்தில் நகக்கீறல் அளவு சேதம்தான். மாற்ற வேண்டுமா?
*– ஈரோடு வாசகர்*

மாற்றுங்கள். ட்ரோனை அணைத்துவிட்டு றெக்கையின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கே சேதம். வெளிச்சத்தில் வளைத்துப் பார்க்கும்போது வெள்ளைக் கோடு விழுந்திருந்தால், பிளாஸ்டிக் உள்ளுக்குள் களைத்துவிட்டது என்று பொருள்.

மடக்கும் றெக்கையில் ஒரு மோட்டாருக்கு இரண்டு அலகுகள். ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எடை பார்த்துச் சோடி சேர்த்து வருபவை அவை. பழையதோடு புதியது சேர்ந்தால் நீங்களே அதிர்வைக் கொண்டுவந்து வைத்ததாகும். புது றெக்கையோடு வரும் புதுத் திருகாணியையே போடுங்கள். றெக்கையில் அடையாளக் குறி உள்ளது ஒருவகை, இல்லாதது இன்னொருவகை. ட்ரோனின் கையில் உள்ள குறியோடு பொருத்தாமல் மாற்றிப் போட்டால், ட்ரோன் எழும்பும்போதே குப்புற விழும்.

ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் ஜிம்பல் காலிபரேஷன் செய்கிறேன். இருந்தும் அடிவானம் சாய்கிறது.
*– திருநெல்வேலி வாசகர்*

எப்போது சாய்கிறது என்று பாருங்கள். காற்றில்லாத இடத்தில் அசையாமல் நிற்கும்போதும் சாய்ந்தே இருந்தால்தான் காலிபரேஷன். அதையும் தரை மட்டமாக இருக்கும் இடத்தில், டைல்ஸ் தரை போன்ற ஒன்றில் வைத்துச் செய்ய வேண்டும். காரின் பானெட்டின் மேல் வைத்துச் செய்தால், பானெட்டின் சரிவையே நேர் என்று ட்ரோன் மனப்பாடம் செய்துகொள்ளும். நீங்கள் ஒவ்வொரு முறையும் செய்வதே கோணலுக்குக் காரணமாக இருக்கலாம்.

கோயில் குளத்தை வேகமாக நீண்ட வட்டம் அடித்து வந்த பிறகு சாய்ந்து, நிறுத்தி ஏழெட்டு விநாடியில் தானே நிமிர்ந்தால், அது காலிபரேஷன் குறையில்லை. தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருந்ததில், எது கீழ் என்று சென்சார் குழம்பியிருக்கிறது. வட்டத்தை மெதுவாக அடியுங்கள், இரண்டு காட்சிகளுக்கு நடுவே சற்று நிறுத்துங்கள்.

ஜிம்பலை ஃபாலோ மோடில் வையுங்கள். எஃப்.பி.வி. மோடில் இருந்தால், ட்ரோன் சாயும்போது கேமராவும் கூடவே சாயும். அதுவும் அடிவானக் கோணலாகத் தெரியும். ஃபில்டரை ட்ரோன் அணைந்திருக்கும்போதே மாட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். ஆன் ஆனதும் ஜிம்பல் தலையை ஆட்டித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் புல்லோ மணலோ தடுக்கக் கூடாது. ஒரு கனமான பலகையின் மேல் வைத்து ஏற்றுங்கள்.

ஆடி மாதம் முப்பந்தல் காற்றாலைகளை எடுத்தேன். கீழே நிற்கும்போது காற்று தாங்கும் அளவில்தான் இருந்தது. 100 மீட்டர் போனதும் வீடியோ வெட்டி வெட்டி ஆடுகிறது. ஜிம்பல் போய்விட்டதா?
*– சுற்றுலா வீடியோ எடுப்பவர், நாகர்கோவில்*

ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள். உங்கள் மினி 2 கால் கிலோ. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று பிதுங்கி வருவதால்தான் அங்கே காற்றாலைகளே நிற்கின்றன.

தரையின் உராய்வு காற்றைப் பிடித்து இழுக்கும். மேலே போகப் போக அந்தப் பிடி தளரும். திறந்த சமவெளியில் 10 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 6 மீட்டர் அடிக்கும் காற்று, 100 மீட்டரில் எட்டைத் தாண்டிவிடும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் முகத்தில் படுவது அந்த ஆறுகூட இல்லை. மினி 2-க்குச் சொல்லப்பட்ட தாங்கும் எல்லை விநாடிக்கு 8.5 முதல் 10.5 மீட்டர். சராசரியே எட்டு என்றால், நடுவில் வந்து மோதும் வீச்சு பத்தைத் தாண்டும். அதோடு, சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைக்குப் பின்பக்கம் காற்று கிழிபட்டுச் சுழன்றுகொண்டே வெகுதூரம் போகும். அங்கே போய் நின்றால் எந்த ட்ரோனும் ஆடும்.

ஜிம்பல் மேல்கீழாக நிறைய திரும்பும். பக்கவாட்டில் அதற்கு இடம் மிகக் கொஞ்சம். காற்று ட்ரோனை வெடுக்கென்று பக்கத்துக்குத் திருப்பும்போது அந்தக் கொஞ்ச இடமும் தீர்ந்து ஜிம்பல் முட்டுகிறது. நீங்கள் பார்த்த வெட்டு அதுதான். காற்றில்லாத காலையில் அது வரவில்லை என்றால், ஜிம்பல் நலமாக இருக்கிறது.

அடுத்த முறை, காற்றாலையின் காற்று வரும் பக்கத்திலேயே நில்லுங்கள். எடுக்க வேண்டிய உயரத்துக்குப் போனதும் ஸ்டிக்கை விட்டு 20 விநாடி சும்மா பாருங்கள். படம் வெட்டினால் 20, 20 மீட்டராக இறங்கி, எங்கே அடங்குகிறதோ அங்கே எடுங்கள். காற்றை எதிர்த்து முகம் காட்டி நின்றால், ட்ரோன் மூக்கைத் தாழ்த்தும். முன் றெக்கைகள் படத்தின் மேல்விளிம்பில் தலைகாட்டும். முடிந்தால் காற்றுக்கு முதுகைக் காட்டி எடுங்கள். மூக்கு நிமிரும், றெக்கை விலகும். போட்டோ என்றால் ஐந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். இரண்டு வீச்சுக்கு நடுவே விழுந்த ஒன்றாவது கூர்மையாக இருக்கும்.

திரும்பும் வழியையும் கணக்கிடுங்கள். சாதாரண மோடில் உங்கள் ட்ரோனின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். எதிரே எட்டு அடித்தால் ஏறக்குறைய இரண்டுதான் மிச்சம். அப்படியானால் 400 மீட்டர் திரும்ப 200 விநாடி. போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று அமையுங்கள். எதிர்பாராமல் மாட்டிக்கொண்டால் உயரத்தைக் குறையுங்கள். கீழே காற்று குறைவு.

படத்தில் கூர்மை கூட்ட ‘ஷார்ப்னஸ்’ அளவை ஏற்றி வைக்கலாமா?
*– சேலம் வாசகர்*

வேண்டாம். இழுபட்ட கோட்டுக்கு அது விளிம்பில் மை தீட்டும்; கோட்டைத் திருப்பிக் கொண்டுவராது.

காரிலிருந்து எடுத்துப் பறக்கவிட்டால் முதல் பத்து நிமிடம் எல்லாமே பால்போல் வருகிறது.
*– சென்னை வாசகர்*

ஏ.சி.யில் குளிர்ந்த லென்ஸின் மேல் கடற்கரை ஈரம் படிகிறது. பையை முன்னாலேயே வெளியே எடுத்துவைத்து, வெளிக்காற்றின் சூட்டுக்கு வரவிடுங்கள்.

இரவில் ஷட்டரை எவ்வளவு மெதுவாக்கலாம்?
*– புதுச்சேரி வாசகர்*

காற்று அசையாத இரவில், நின்ற நிலையில் அரை விநாடிகூடச் சில சமயம் கூர்மையாக வரும். ஐந்து எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஓடிக்கொண்டே எடுப்பதாக இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். மணல் தூவியதுபோன்ற புள்ளியைப் பிற்பாடு குறைக்கலாம். இழுப்பைக் குறைக்க முடியாது.

எதைச் செய்தாலும் என் படம் மங்கல்தான். கடன் வாங்கியாவது பெரிய ட்ரோன் வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். சரியா?
*– விழுப்புரம் வாசகர்*

கடன் வாங்கும் முன் ஒரு காலைப்பொழுது செலவழியுங்கள். லென்ஸைத் துடைத்து, ஃபில்டரைக் கழற்றி, அதே செங்கல் சுவருக்கு முன்னால் நிறுத்தி, வெயில் வந்த பிறகு 1/1000-இல் ஒரு போட்டோ எடுங்கள். அடுத்து 1/50-இல் ஒன்று, ட்ரோன் அசையாமலே. வெளிச்சம் அதிகமாகி வெளுத்தால் அப்போது மட்டும் என்.டி. மாட்டுங்கள். மூன்றாவதாக, அதே 1/50-இல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே ஒன்று.

முதல் படம் கூர்மை, மூன்றாவது மட்டும் இழுப்பு என்றால், மாற்ற வேண்டியது ஷட்டரும் வேகமும். முதல் படத்தில் செங்கல் வரிசை நெளிந்து, அசையாமல் எடுத்த இரண்டாவது மங்கல் என்றால், அதிர்வு இருக்கிறது. ஒரு செட் றெக்கை வாங்குங்கள். முதல் இரண்டும் கூர்மையாக வந்து, வெளியிடத்தில் நிறுத்தி எடுத்தும் கெட்டால் காற்று. மூன்றிலும் சுவர் ஒரே அளவு மங்கினால் மட்டுமே கேமராவைச் சந்தேகிக்க வேண்டும். ஷட்டர், வேகம், காற்று இவற்றில் எது காரணமாக இருந்தாலும், அது புது ட்ரோனிலும் உங்களோடு ஏறி வரும். அந்த மூன்று படங்களை எடுத்து அனுப்புங்கள். கடன் வேண்டுமா என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்கிறேன்.